எலும்பை ஒட்டிய சிவப்பு: பெங்களூரு மொட்டைமாடியில் சுட்ட பன்றிக்கறி, ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே வருகிற குடும்பம் ஒரு மாதிரிக் குடும்பம். பன்றிக்கறி விஷயத்தில் பெங்களூருத் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கிற கேள்விகளையும் நடக்கிற தவறுகளையும் ஒரே நிகழ்வாகக் கோத்திருக்கிறோம். யாருடைய மருத்துவக் குறிப்பும் இதில் இல்லை. புழுவைப் பற்றியும் வெப்பத்தைப் பற்றியும் சொல்லியிருக்கும் விவரங்கள் மட்டும் உள்ளபடியே.

நடந்தது

இடம் லிங்கராஜபுரம். கிறிஸ்துமஸ் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் ஏழு பேர். தெருமுனைக் கடையில் தொடைப்பகுதியும் எலும்போடு சாப்ஸும் சேர்த்து 4 கிலோ பன்றிக்கறி வாங்கினார்கள். பாதியைச் சின்னத் துண்டாக நறுக்கி, மிளகும் தேங்காய்ப் பல்லும் போட்டு வறுவல் செய்ய குக்கரில் ஏற்றியாயிற்று. சாப்ஸ் ஒன்றரைக் கிலோ. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் தடிமன். வினிகர், இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் தடவி இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறிய அந்தத் துண்டுகள், மதியம் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு சூடாக இல்லை, எடுத்த குளிரோடு நேராக மொட்டைமாடிக் கரி அடுப்புக்குப் போயின. பக்கத்துக்கு 6 நிமிடம். வெளியே நன்றாகக் கறுத்துவிட்டது.

வீட்டம்மாவின் தங்கை மகன் ஒரு துண்டைக் கடித்துவிட்டுக் கேட்டான்: "பெரியப்பா, எலும்புகிட்ட சிவப்பா இருக்கே?"

"கரி அடுப்புல அப்படித்தான்டா இருக்கும். சாப்பிடு, ஒண்ணும் ஆகாது."

சாப்பிட்டான். மற்றவர்களும் சாப்பிட்டார்கள். மறுநாள் காலை, குழம்புக்கென்று பச்சையாகவே எடுத்து வைத்திருந்த அரைக் கிலோவை வீட்டம்மா நறுக்கும்போது, சதைக்குள்ளிருந்து கண்ணாடி போன்ற சின்ன உருண்டைகள் ஒவ்வொன்றாக உருண்டு வந்தன. பட்டாணியைவிடச் சற்றுச் சிறியவை. உள்ளே தண்ணீர், அதில் கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளி. அன்று மாலைக்குள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் செய்தி போய்விட்டது: "மூளையில புழு போயிடும்." ஏழு பேரும் தலை ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்பது வரைக்கும் பேச்சு வந்தது.

கேள்விகள் மூன்று. அவை என்ன? சுட்ட கறியில் அவை செத்தனவா? செத்திருக்காவிட்டால் யாருக்கு என்ன ஆகும்?

சதைக்குள் இருந்தது

பன்றிக்கறியில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் புழு இல்லை. கொழுப்பு விரலால் அழுத்தினால் இழுகும், சதையோடு ஒட்டியே இருக்கும். நிணநீர்க் கணு கெட்டியாக, சாம்பலும் பழுப்புமாக, கொழுப்புக்குள் புதைந்திருக்கும். இந்த வீட்டில் பார்த்தது இரண்டுமில்லை. 5 முதல் 10 மில்லிமீட்டர் நீளத்தில், சதை நார் ஓடும் திசையிலேயே நீள்வட்டமாக, தெளிந்த நீரோடு, கத்தி பட்டதும் தானாக வெளியே உருண்டு வருகிற பை. உள்ளே ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. இந்த அடையாளங்கள் எல்லாம் ஒருசேர இருந்தால் அது பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம். டீனியா சோலியம் என்பது புழுவின் பெயர், சிஸ்டிசெர்கஸ் என்பது இந்த நீர்க்கட்டியின் பெயர். அந்த வெள்ளைப் புள்ளிதான் புழுவின் தலை, உள்பக்கமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. நாளான கட்டிகள் செத்து, சுண்ணாம்பு படிந்து, கத்தியில் மணல்போல் நறநறக்கும். அவை இனி முளைக்காது. ஆனால் ஒரே துண்டில் செத்ததும் உயிருள்ளதும் கலந்து இருக்கலாம், அதனால் நறநறப்பைக் கண்டு நிம்மதி அடைய முடியாது.

பன்றிக்கு இது வருவது மனித மலத்தின் வழியாக மட்டுமே. நாடாப்புழு உள்ள ஒருவர் திறந்தவெளியில் மலம் கழித்து, அதைப் பன்றி தின்றால், முட்டைகள் பன்றியின் குடலில் பொரிந்து இரத்தத்தோடு சதைக்குப் போய்க் கட்டியாகின்றன. அடைப்புக்குள்ளேயே தீவனம் போட்டு வளர்க்கிற பண்ணைப் பன்றிக்கு இது மிக அரிது. குப்பையிலும் சாக்கடையோரத்திலும் திரிகிற பன்றிக்கு வாய்ப்பு அதிகம். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி "ஃப்ரெஷ்ஷா?" என்பதைவிட "எந்தப் பண்ணை?" என்பதுதான்.

இறைச்சி ஆய்வாளர்கள் நாக்கின் அடிப்பகுதி, தாடைத் தசை, இதயம், உதரவிதானம், தோள், தொடை ஆகியவற்றைத் தொட்டும் வெட்டியும் பார்ப்பது இந்தக் கட்டிகளுக்காகத்தான். நிறையக் கட்டிகள் இருந்தால் அகப்பட்டுவிடும். உடம்பு முழுக்க நாலைந்து மட்டும் இருந்தால் எந்தக் கத்தியிலும் படாமல் தப்பிவிடும். ஆகவே கண்ணில் பட்டது ஆபத்து என்று சொல்லலாம். கண்ணில் படாதது பத்திரம் என்று சொல்ல முடியாது.

பன்றிக்கறியென்றால் வெளிநாட்டுச் சமையல் குறிப்புகள் முதலில் சொல்கிற ட்ரிக்கினெல்லா என்ற உருளைப்புழுவை எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. இந்தியாவில் அது அரிது, உத்தரகண்டிலிருந்து பதிவாகியிருக்கிறது. மூன்றாவது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. அதுவும் கண்ணுக்குத் தெரியாது, கர்ப்பிணிகளுக்குத்தான் அதனால் கவலை அதிகம். நம் ஊர் நிலவரத்தில் முதலிடம் நாடாப்புழுவுக்கே. ஆனால் சமையல் வெப்பத்தை முடிவு செய்யும்போது மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வெந்ததா, வேகவில்லையா

அடுத்த வாரம் வேறொரு கடையில், பண்ணைப் பன்றி என்று கேட்டு வாங்கிய ஒரு சாப்ஸை அதே தடிமனில், அதே கரி அடுப்பில், அதே 6 நிமிடக் கணக்கில் சுட்டு, கம்பி போன்ற மீட் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தார்கள். கொழுப்பு விளிம்புக்கு அருகே 66 டிகிரி செல்சியஸ். நடுச்சதையில் 56. எலும்பை ஒட்டிய இடத்தில் 48. மேலே கறுத்து, ஓரத்தில் சாறு வடிந்து, பார்வைக்கு முழுக்க வெந்ததாகத் தெரிந்த துண்டு அது.

இந்த மூன்று எண்களும் எவ்வளவு வேறுபட்டவை என்பது நேரத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் புரியும். ஒட்டுண்ணி ஒரு குறிப்பிட்ட டிகிரியைத் தொட்டதும் செத்து விழுவதில்லை. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்ற இரண்டும் சேர்ந்தே கொல்கின்றன. ட்ரிக்கினெல்லாவுக்காக அமெரிக்க வேளாண்துறை வகுத்த அட்டவணையில், சதையின் நடுப்பகுதி 50 டிகிரியில் இருந்தால் ஒன்பதரை மணி நேரம் வைத்திருக்க வேண்டும். 54.5 டிகிரி என்றால் 30 நிமிடம். 60 டிகிரி என்றால் ஒரே நிமிடம். 62.2 டிகிரியைத் தொட்டால் காத்திருக்கவே வேண்டாம். பன்னிரண்டு டிகிரி ஏறியதில் ஒன்பதரை மணி நேரம் ஒன்றுமில்லாமல் போகிறது.

நாடாப்புழுக் கட்டிகளும் சதையின் நடுப்பகுதி 60 டிகிரியைத் தாண்டி அங்கேயே சற்று நின்றால் பிழைப்பதில்லை. டாக்ஸோபிளாஸ்மா 67 டிகிரியில் உடனே சாகும், அதற்குக் கீழே என்றால் சில நிமிடங்கள் பிடிக்கும். ஆக, மொட்டைமாடித் துண்டின் ஓரத்தில் நாடாப்புழுக் கட்டி எதுவும் பிழைத்திருக்காது. நடுவில் சந்தேகம். எலும்பை ஒட்டிய 48 டிகிரியில் கட்டி இருந்திருந்தால், அடுப்பில் இருந்த சில நிமிடங்களில் அதைக் கொல்வதற்குப் போதிய சூடு கிடைக்கவில்லை. தங்கை மகன் பார்த்த சிவப்பு அந்த இடத்தில்தான் இருந்தது.

சிவப்பை வைத்தே முடிவு செய்துவிடலாமா என்றால், கூடாது. வினிகரோ தயிரோ எலுமிச்சையோ பட்ட சதை அடுப்பைப் பார்க்காமலேயே வெளுத்துவிடும். மஞ்சளும் மிளகாயும் நிறத்தை மறைத்துவிடும். எதிர்ப்பக்கத்தில், உப்பும் நைட்ரைட்டும் போட்டுப் பதப்படுத்திய கறி எவ்வளவு வெந்தாலும் இளஞ்சிவப்பாகவே நிற்கும். நிறம் எச்சரிக்கலாம், சான்றிதழ் தராது. ஊறவைத்த வினிகர் கட்டியைக் கொல்லும் என்பதற்கோ, கூடவே சரக்கு அடித்தால் புழு வயிற்றிலேயே செத்துவிடும் என்பதற்கோ எந்த ஆதாரமும் இல்லை. இரண்டாவதை நம்புகிறவர்களின் எண்ணிக்கை கொஞ்சம் அதிகம்தான்.

துண்டு வேகாததற்கு முதல் காரணம் தடிமன். சூடு நடுப்பகுதியை எட்டுகிற நேரம் தடிமனின் வர்க்கக் கணக்கில் ஏறும். 2 சென்டிமீட்டர் துண்டுக்கு 4 நிமிடம் போதுமென்றால், 4 சென்டிமீட்டர் துண்டுக்கு 8 நிமிடம் போதாது, 16 நிமிடம் வேண்டும். இரண்டாவது காரணம் ஃப்ரிட்ஜ் குளிர். நடுப்பகுதி 4 டிகிரியில் தொடங்கியது. மூன்றாவது, கரியின் நேரடித் தணல் மேல்தோலைச் சீக்கிரம் கருக்கிவிட்டதால் கறியை அவசரமாக இறக்க வேண்டியதாயிற்று. தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, துண்டை மறுபக்கம் வைத்து, மூடி போட்டு மெதுவாக ஏற்றிவிட்டு, கடைசியில்தான் தணலுக்கு மேல் நிறம் ஏற்ற வேண்டும். அவர்கள் செய்தது தலைகீழ்.

எந்த எண்ணைப் பிடித்துக்கொள்வது

அமெரிக்க வேளாண்துறை 2011-இல் முழுத்துண்டுப் பன்றிக்கறிக்கான அளவைக் குறைத்தது: நடுப்பகுதி 62.8 டிகிரி, இறக்கிய பிறகு 3 நிமிடம் அப்படியே ஆறவிட வேண்டும். கொத்துக்கறிக்கு 71.1 டிகிரி. அந்த 3 நிமிடம் அலங்காரத்துக்கு இல்லை. இறக்கிய பிறகும் வெளிச்சூடு உள்ளே போய்க்கொண்டிருப்பதால் நடுப்பகுதி மேலும் இரண்டு மூன்று டிகிரி ஏறி, தேவையான நேரம் அங்கே நிற்கிறது. இறக்கியவுடன் வெட்டினால் அந்தக் கணக்கு கெட்டுப்போகும்.

இந்த 62.8-ஐ அப்படியே பெங்களூருக்குக் கொண்டுவரலாமா? ஒட்டுண்ணி சாகிற வெப்பம் ஊருக்கு ஊர் மாறாது, அறிவியலில் குறையில்லை. ஆனால் அந்த அளவு, அடைப்புக்குள் வளர்ந்து பரிசோதனை முடிந்து வருகிற கறிக்கும், சரியாகக் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டருக்கும் பொருந்துவது. பண்ணை தெரியாத கறி, எலும்போடு சமமில்லாத தடிமனில் வெட்டிய துண்டு, ஒரே இடத்தில் குத்திவிட்டு முடிவு செய்கிற அவசரம் ஆகிய மூன்றும் சேரும்போது கையில் கொஞ்சம் இடம் விட்டுவைப்பது நல்லது. எங்கள் தீர்ப்பு இதுதான்: சுடுவதோ, தவாவில் வறுப்பதோ, ஓவனில் வைப்பதோ, எதுவானாலும் மிகக் குளிர்ந்த இடம் 71 டிகிரியைத் தொடட்டும். ருசியில் கொஞ்சம் சாறு குறையும். தொடை, தோள் பகுதிகள் எப்படியும் 80-ஐத் தாண்டி நீண்ட நேரம் வெந்தால்தான் மெத்தென்று ஆகும் என்பதால் குழம்பிலும் வறுவலிலும் இந்தப் பேச்சே தேவைப்படாது.

அதே கறியிலிருந்து குக்கருக்குப் போன பாதியைப் பற்றிய கவலையும் அதனால் தேவையில்லை. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். அதுவே போதுமானதற்கு மேல். குக்கருக்குள் விசில் வரும்போது சூடு 115-ஐத் தாண்டிவிடும். 3 சென்டிமீட்டர் துண்டுகள் அதில் கால் மணி நேரம் இருந்தால் எந்தக் கட்டியும் மிஞ்சாது. கவனிக்க வேண்டிய ஒரே இடம், ஃப்ரீஸரில் உறைந்த கறியைக் கட்டியாகவே குக்கரில் போடுவது. வெளியே வெந்து குழைந்திருக்கும்போது நடுவில் ஐஸ் உருகியே இருக்காது. முதலில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்து உருக்கிவிட வேண்டும்.

தெர்மாமீட்டரைக் குத்துவதில் தவறு நடப்பது எலும்பைத் தொடும்போதும், முனை சதையைத் துளைத்துக்கொண்டு மறுபக்கச் சூட்டுக்குப் போகும்போதும்தான். பக்கவாட்டிலிருந்து குத்தி, முனை சரியாக நடுத்தடிமனில் நிற்க வேண்டும். பிறகு எலும்புக்கு அரை சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு முறை. இரண்டில் குறைந்த எண்ணே கணக்கு. கருவி சரியா என்று பார்க்க, நிறைய ஐஸ் போட்ட தண்ணீரில் 0 காட்ட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் 100 காட்டவில்லையே என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். பெங்களூரில் 97 காட்டுவதுதான் சரியான கருவி. பச்சைக்கறியில் குத்திய கம்பியைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெந்த துண்டில் மறுபடி குத்துவதும் கூடாது.

ஃப்ரீஸரும் உதவும். நாடாப்புழுக் கட்டிகள் மைனஸ் 15 டிகிரியில் 3 நாளில், மைனஸ் 5 டிகிரியில் 4 நாளில் செத்துவிடும். ட்ரிக்கினெல்லாவுக்கு 15 சென்டிமீட்டருக்குக் குறைவான தடிமனில் மைனஸ் 15 டிகிரி 20 நாள் தேவை. ஆனால் கதவு திறந்து மூடுகிற, மின்சாரம் போய் வருகிற வீட்டு ஃப்ரீஸர் அந்த வெப்பநிலையில் உண்மையிலேயே நின்றதா என்பதைத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். கூடுதல் காவலாக வைத்துக்கொள்ளலாம், சமையலுக்கு மாற்றாக வேண்டாம்.

மூளைக்குப் போகிறது எது

சொந்தக்காரர்கள் பயந்த "மூளையில் புழு" உண்மையான நோய்தான். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். வேலூர் மாவட்டத்தில் வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூளையில் இந்தக் கட்டிதான் காரணமாக இருந்தது. ஆனால் அது வருகிற வழியை எல்லோரும் மாற்றிச் சொல்கிறார்கள்.

வேகாத கறியில் இருக்கும் கட்டியைத் தின்றால் அது மூளைக்குப் போகாது. பித்தநீர் பட்டதும் கட்டிக்குள் சுருண்டிருந்த தலை வெளியே திரும்பி, நான்கு உறிஞ்சிகளாலும் இரண்டு வரிசைக் கொக்கிகளாலும் சிறுகுடல் சுவரைப் பற்றிக்கொள்கிறது. அங்கேயே இரண்டு மூன்று மாதத்தில் சில மீட்டர் நீள நாடாப்புழுவாகிறது. அதோடு முதல் கட்டம் முடிகிறது. மூளைக்குப் போவது முட்டை. நாடாப்புழு உள்ளவரின் மலத்தில் வெளியேறும் முட்டை, கழுவாத கை வழியாகவோ, மலம் கலந்த தண்ணீர் பட்ட பச்சைக் காய்கறி வழியாகவோ ஒருவர் வாய்க்குள் போனால், அவர் உடம்பில் அது பன்றியின் உடம்பில் நடந்ததையே செய்கிறது: சதை, கண், மூளை என்று எங்கே தங்குகிறதோ அங்கே கட்டி. அதனால் சுத்த சைவர்களுக்கும் இது வருகிறது.

இதற்கு நல்ல சான்று நியூயார்க்கில் கிடைத்தது. பன்றிக்கறியை மத விலக்காகக் கொண்ட யூத ஆசாரக் குடும்பங்களில் வலிப்பு வந்தவர்களுக்கு மூளையில் இந்தக் கட்டிகள் இருந்ததை 1992-இல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். நாடாப்புழு பரவலாக உள்ள நாடுகளிலிருந்து வந்து அந்த வீடுகளில் வேலை செய்தவர்கள் வழியாக முட்டை பரவியிருக்க வேண்டும் என்று விசாரணை காட்டியது.

ஆகவே லிங்கராஜபுரத்து ஏழு பேருக்கும் அன்றைய சாப்பாட்டுக்காகத் தலை ஸ்கேன் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பச்சைக்கறியைக் கையால் நறுக்கிய வீட்டம்மாவுக்கும் அதனால் மூளைக்கட்டி வராது. சாப்ஸ் சாப்பிட்டவர்களில் யாருக்காவது குடலில் புழு வளர்கிறதா என்பதுதான் கேள்வி. வளர்ந்தால் அவர் அந்த வீட்டுக்கே முட்டை பரப்புகிறவர் ஆவார். மூளை பற்றிய கவலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மூன்று மாதம்

உடனே மலப் பரிசோதனை செய்து பயனில்லை. புழு வளர்ந்து முதிர்ந்த துண்டுகளை உதிர்க்கத் தொடங்கும் வரை முட்டை தெரியாது. முதல் மூன்று மாதத்துக்குள் வருகிற "இல்லை" என்ற முடிவுக்கு அர்த்தம் கிடையாது. மருந்துக்கடையில் பூச்சி மாத்திரை ஒன்று வாங்கி எல்லோருக்கும் கொடுத்துவிடலாம் என்பதும் நல்ல யோசனை அல்ல. வழக்கமாகத் தருகிற ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரையை நாடாப்புழுவுக்கு நம்ப முடியாது. அதைவிட முக்கியம், ஒருவருக்கு முன்பே தெரியாமல் மூளையில் கட்டி இருந்தால், இரத்தத்தில் கலந்து மூளைவரை போகும் மருந்து அங்கே வீக்கத்தைக் கிளப்பி வலிப்பை வரவழைக்கக்கூடும்.

அவர்களுக்குச் சொல்லப்பட்டது இரண்டே. மலம் கழித்த பிறகும், சமைக்குமுன்பும், சாப்பிடுமுன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். 12 வாரம் கழிந்ததும் வெவ்வேறு மூன்று நாள்களில் எடுத்த மல மாதிரியைக் கொடுக்க வேண்டும். இடையில் தட்டையான, வெள்ளையான, ரிப்பன் துண்டு போன்ற எதையாவது மலத்தில் பார்த்தால் தேதி பார்க்காமல் வர வேண்டும்.

பதினான்காவது வாரம்

பார்த்தது தங்கை மகன்தான். வயிற்றுவலி இல்லை, எடை குறையவில்லை, பசியில் மாற்றமில்லை. நாடாப்புழு உள்ள பலருக்கும் எந்தத் தொந்தரவும் இருக்காது என்பதே இதன் தொல்லை. மலத்தோடு மூன்று நான்கு வெள்ளைத் துண்டுகள் ஒன்றோடொன்று கோத்தபடி வந்திருந்தன. கையுறை போட்டு, ஒரு சின்ன மூடிபோட்ட டப்பாவில் உப்புநீர் ஊற்றி அதில் எடுத்து வைத்தான். கையுறை கட்டாயம்: ஒரு முதிர்ந்த துண்டுக்குள் 50,000 முட்டை வரை இருக்கும்.

ஆய்வகத்தில் முட்டையை மட்டும் பார்த்தால் டீனியா வகை என்றுதான் சொல்ல முடியும். மாட்டு நாடாப்புழுவின் முட்டையும் பார்வைக்கு இதேபோலத்தான். துண்டு கையில் இருந்ததால் வேறுபாடு தெரிந்தது. துண்டை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அழுத்தி, கருப்பையின் நடுத்தண்டிலிருந்து ஒரு பக்கமாகக் கிளைப்பவற்றை எண்ணுகிறார்கள். பன்றி நாடாப்புழுவுக்குப் பொதுவாக 7 முதல் 13, மாட்டு நாடாப்புழுவுக்கு அதைவிட அதிகம். இங்கே 9. மாட்டு வகையாக இருந்திருந்தால் மூளை பற்றிய பேச்சே எழாது, ஏனென்றால் அதன் முட்டை மனித உடம்பில் கட்டியாவதில்லை.

மருத்துவர் மருந்து எழுதுமுன் கேட்ட கேள்விகள் எல்லாம் தலையைச் சுற்றியே இருந்தன. எப்போதாவது வலிப்பு வந்ததா, விடாத தலைவலி உண்டா, பார்வையில் மாற்றமா, தோலுக்கடியில் உருளும் கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா? நாடாப்புழு உள்ளவர் தன் கையாலேயே தன் முட்டையை விழுங்கிவிடக்கூடும் என்பதால்தான் இந்தக் கேள்விகள். எதுவும் இல்லாததால் ஸ்கேன் தேவைப்படவில்லை. பெரியவர்களுக்கான ஒற்றை வேளை நிக்லோசமைட், 2 கிராம் கொடுக்கப்பட்டது. அது குடலைத் தாண்டி இரத்தத்தில் பெரிதாகக் கலக்காது, ஆகவே மறைந்திருக்கும் மூளைக்கட்டியைத் தொந்தரவு செய்யாது. இன்னொரு மருந்தான பிராசிகுவான்டல் எடைக்கு ஏற்பக் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் ஒரே வேளையாகத் தரப்படுவது. அது நன்றாகவே வேலை செய்யும், ஆனால் இரத்தத்தில் கலப்பது. எது என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

மற்ற ஆறு பேரின் மல மாதிரிகளில் எதுவும் இல்லை. அவன் இருப்பது மாரத்தஹள்ளியில் ஒரு பிஜி. அறையில் இன்னும் இரண்டு பேர். இரவில் சாலட் நறுக்குவதும் டீ போடுவதும் பெரும்பாலும் அவன்தான். துண்டுகள் எந்த வாரத்திலிருந்து வெளியேறின என்பது தெரியாது. கண்ணில் பட்ட நாளுக்கு முன்பே முட்டைகள் வந்துகொண்டிருந்திருக்கலாம். அதனால் அந்த இருவரிடமும் விஷயத்தைச் சொல்லி, வலிப்போ புதிதாக விடாத தலைவலியோ வந்தால் இந்தத் தொடர்பை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லும்படி கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. முட்டை உள்ளே போய்க் கட்டியாகித் தொந்தரவு காட்டச் சில மாதமும் ஆகலாம், சில ஆண்டும் ஆகலாம். அந்த உரையாடலை அவன் இரண்டு நாள் தள்ளிப்போட்டான். கூச்சம் புரிகிறது, ஆனாலும் தள்ளிப்போடக் கூடாத பேச்சு அது.

மருந்துக்குப் பிறகு புழு பெரும்பாலும் துண்டு துண்டாகச் சிதைந்தே வெளியேறும். தலை வெளியே வந்ததா என்று தேடினால் பல நேரம் கிடைக்காது. தலை குடல் சுவரிலேயே தங்கியிருந்தால் அதிலிருந்து மறுபடி முழுப் புழு வளரும், அதற்கும் இரண்டு மூன்று மாதமாகும். ஆகவே குணமானதா என்பதற்கு மருந்து தின்ற வாரத்தில் பதில் கிடையாது. ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் மலத்தை மறுபடி பார்க்க வேண்டும். இடையில் துண்டு எதுவும் வரவும் கூடாது. அவனுக்கு இரண்டு முறையும் எதுவும் தெரியவில்லை, மருந்தை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கவில்லை.